பேன் திரும்பி வரவில்லை, போகவே இல்லை

கேள்வி: தரம் 4 படிக்கும் என் மகள் இரவிரவாகத் தலையைச் சொறிகிறாள். பாமசியில் பேன் லோஷன் வாங்கிப் போட்டேன். பத்து நாளில் திரும்பப் பேன். அம்மம்மா மண்ணெண்ணெய் வைக்கச் சொல்கிறா. வைக்கலாமா?
- ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், தங்கச்சி. அது தோலைப் புண்ணாக்கும். குப்பி விளக்கோ அடுப்போ பக்கத்தில் இருந்தால் தலையே பற்றிக்கொள்ளும். வயலுக்கு அடிக்கும் மருந்தும் அப்படித்தான், தலைக்குக் கொண்டுபோகவே கூடாது.

பத்து நாள் என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் அதில்தான் இருக்கிறது. பேன் லோஷன் பெரும்பாலும் பெர்மெத்ரின் 1 சதவீதம். அது ஓடும் பேனைக் கொல்லும், ஆனால் ஈர் எல்லாவற்றையும் கொல்லாது. தப்பிய ஈர் 7 முதல் 10 நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் ஒன்பது பத்து நாள் எடுக்கும். அந்த இடைவெளியில் அதைப் பிடித்துவிட வேண்டும்.

ஒரு சனிக்கிழமை தொடங்குங்கள். ஷாம்பு மட்டும் போட்டுத் தலையைக் கழுவி, துவாயால் ஒற்றுங்கள். எண்ணெயும் கண்டிஷனரும் அன்று வேண்டாம். லோஷனைக் காதின் பின்பக்கம், பிடரி எல்லாம் நனையப் பூசி, 10 நிமிடத்தில் கழுவுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஈரத்தலையைச் சிறு சிறு பிரிவாக வகிர்ந்து, பேன் சீப்பைத் தோலில் படவைத்து நுனிவரை இழுங்கள். ஒவ்வொரு இழுவைக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். நீண்ட முடி என்றால் அரைமணி நேரமாவது பிடிக்கும்.

அடுத்து வரும் புதனும் அதற்கடுத்த கிழமை வியாழனும் மருந்து வேண்டாம், கண்டிஷனர் பூசிய ஈரத்தலையைச் சீவினால் போதும். இரண்டுக்கும் நடுவில் வரும் ஞாயிறு, அதாவது ஒன்பதாம் நாள், லோஷனை இரண்டாம் தரம் போட்டுச் சீவுங்கள். முதல்முறை நீங்கள் விட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகும் சுறுசுறுப்பாக ஓடும் பேன் கண்டால் அதே மருந்தை மூன்றாம் தரம் போடாமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. மகள் யாரோடு படுக்கிறாள்? அம்மம்மாவின் பாயில் என்றால் அவவின் தலையையும் அதே சனிக்கிழமை சீவிப் பாருங்கள். கடி என்பது பேனின் எச்சிலுக்குத் தோல் காட்டும் ஒவ்வாமை. பேன் இருந்தும் சிலருக்குக் கடிக்காது, அதனால் "எனக்கில்லை" என்ற சொல்லை நம்ப முடியாது. வீட்டில் யார் யார் தலையில் ஓடும் பேன் இருக்கிறதோ அவர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து போடுங்கள். பாயையும் தலையணையையும் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். தலையை விட்ட பேன் ஓரிரு நாளில் செத்துவிடும். தலையணை உறையையும் துவாயையும் சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் போட்டால் போதும்.

பள்ளிக்கு இரட்டைப் பின்னலை இறுக்கிக் கட்டி அனுப்புங்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் தாயிடமும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பேன் ஊத்தைத் தலையைத் தேடி வருவதில்லை, தலையோடு தலை முட்டும்போதுதான் ஏறுகிறது.

பேன் போன பிறகும் ஒன்றிரண்டு கிழமை கடி இருக்கலாம். தோலிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி ஒட்டியிருக்கும் வெள்ளை ஈர் பெரும்பாலும் வெறும் கோதுதான், அதற்கு மருந்து தேவையில்லை. சொறிந்த இடத்தில் சீழ் வைத்தாலோ, கழுத்தில் நெறி கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.