தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள்

கேள்வி: தினமும் காலை 6 மணிக்கு 100 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை போடுகிறேன். நாளை காலை ரத்தப் பரிசோதனை. மாத்திரை போட்டுவிட்டுப் போகலாமா, கூடாதா? லேபில் கேட்டால் போடலாம் என்கிறார்கள், டாக்டர் வேண்டாம் என்கிறார்.

பதில்: ரத்தம் கொடுத்துவிட்டுப் போடுங்கள். மாத்திரையைக் கைப்பையில் எடுத்துப் போய், ரத்தம் எடுத்து முடிந்ததும் அங்கேயே தண்ணீரோடு விழுங்கிவிடலாம். அதன்பின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட்டுக் காபி, டிபன். அன்றைய மாத்திரையை அடியோடு விட்டுவிடாதீர்கள், கொஞ்சம் தள்ளிப் போடுவதுதான் விஷயம்.

நான் பயோகெமிஸ்ட்ரி லேபில் வேலை பார்க்கிறேன். உங்களுக்குப் பதில் சொன்ன இரண்டு பேரும் தப்பாகச் சொல்லவில்லை. லேபில் இருப்பவர், தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்.சை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார், டாக்டர், ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4-ஐ மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். காலை மாத்திரைக்கு இந்த இரண்டும் ஒரே மாதிரி அசைவதில்லை.

நீங்கள் போடும் தைராய்டு மாத்திரை, அதாவது லெவோதைராக்ஸின், டி4 ஹார்மோனேதான். வெறும் வயிற்றில் போட்டால் அதில் முக்கால் பங்கு அளவுக்குச் சிறுகுடலில் உறிஞ்சப்படும். 100 மைக்ரோகிராம் போட்டால் 75, 80 உள்ளே போகிறது என்று வையுங்கள். ஒருவருடைய ரத்தத்தில், அதாவது சுமார் 3 லிட்டர் பிளாஸ்மாவில், எந்த நேரத்திலும் ஏறக்குறைய 240 மைக்ரோகிராம் டி4 இருக்கும். புதிதாக வந்த 80 மொத்தமும் ரத்தத்திலேயே தங்கினால் அளவு மூன்றில் ஒரு பங்கு எகிறிவிடும். அப்படி ஆவதில்லை, ஏனென்றால் உறிஞ்சப்படும்போதே கல்லீரலும் சிறுநீரகமும் ஒரு பகுதியை இழுத்துக்கொள்கின்றன. ஆனாலும் மாத்திரை போட்ட 2 முதல் 4 மணி நேரத்தில் ஃப்ரீ டி4 சுமார் 15 முதல் 20 சதவீதம் வரை கூடும். பிறகு மெல்ல இறங்கிப் பழைய நிலைக்கு வர 9 மணி நேரம் வரைகூட ஆகலாம். நம் ஊரில் பெரும்பாலோர் 6 மணிக்கு மாத்திரை போட்டு 8, 9 மணிக்கு லேபுக்கு வருகிறார்கள். அளவு உச்சத்தில் இருக்கும் நேரம் அதுதான்.

எங்கள் லேபுக்கு வரும் ஒரு ஆசிரியையின் ரிப்போர்ட்டைச் சொல்கிறேன். அவருக்கும் 100 மைக்ரோகிராம்தான். 6 மணிக்கு மாத்திரை, 9 மணிக்கு ரத்தம். ஃப்ரீ டி4 1.85 வந்தது. எங்கள் மெஷினுக்கு 0.9 முதல் 1.7 வரை நார்மல் என்பதால் அச்சில் பக்கத்திலேயே மேல்நோக்கிய அம்புக்குறியும் விழுந்திருந்தது. டி.எஸ்.எச். 2.4, அதாவது நடுவாந்திரம். அம்புக்குறியைப் பார்த்ததும் அவருக்கு டோஸ் கூடிப்போச்சோ என்று பயம், 75-க்கு இறக்கிவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். அவருடைய டாக்டர் மாத்திரை போடாமல் வந்து இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். அடுத்த வாரம் அதே 9 மணிக்கு, மாத்திரைக்கு முன் எடுத்ததில் ஃப்ரீ டி4 1.55, டி.எஸ்.எச். 2.6. 1.55-க்கும் 1.85-க்கும் உள்ள வித்தியாசம் 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, காலை மாத்திரை ஏற்றக்கூடிய அளவேதான். 100-லேயே தொடர்கிறார்.

இரண்டு ரிப்போர்ட்டிலும் டி.எஸ்.எச். ஏறக்குறைய அப்படியே இருப்பதைக் கவனியுங்கள். டோஸ் உண்மையிலேயே அதிகமாக இருந்தால் டி.எஸ்.எச்.சைச் சுரக்கும், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச்.சைக் கீழே அமுக்கியிருக்கும். பல வாரங்களாக உடம்பில் ஹார்மோன் எவ்வளவு இருந்தது என்பதற்கேற்பத்தான் அது நகரும், மூன்று மணி நேர ஏற்றத்துக்கெல்லாம் அவ்வளவாக அசையாது. டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துப் பார்க்கச் சொல்வதும் இதனால்தான். டி.எஸ்.எச்.சுக்கு மாத்திரையைவிடக் கடிகாரம் முக்கியம். இரவிலும் விடியலிலும் அது கூடுதலாகவும், மதியத்துக்கு மேல் குறைவாகவும் இருக்கும். போன தடவை காலை 8 மணிக்கும் இந்தத் தடவை மதியம் 2 மணிக்கும் கொடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

டாக்டர் டி.எஸ்.எச். மட்டும்தான் எழுதியிருக்கிறார் என்றால், மாத்திரை போட்டுவிட்டுப் போனாலும் பெரிய நஷ்டமில்லை. அதற்கு நேரெதிர் ஒரு கூட்டம் உண்டு, பிட்யூட்டரியிலேயே கோளாறு இருப்பவர்கள். பிட்யூட்டரி கட்டிக்கு ஆபரேஷன் ஆனவர்கள், பிரசவத்தில் கடுமையாக ரத்தம் போய் அந்தச் சுரப்பி பாதிக்கப்பட்டவர்கள். இவர்களுக்கு டி.எஸ்.எச்.சை நம்பவே முடியாது, ஃப்ரீ டி4-ஐ வைத்துத்தான் டோஸ் முடிவாகிறது. பொதுவாக அது நார்மலின் மேல்பாதியில் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். மாத்திரை போட்டு மூன்று மணி நேரத்தில் 1.4 என்று வந்தால் போதுமான டோஸ் என்று தோன்றும். உண்மையில் மாத்திரைக்கு முன் 1.2 ஆக இருந்திருக்கலாம். சோர்வும் குளிரும் தீரவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார், ரிப்போர்ட் மட்டும் எல்லாம் சரி என்று சொல்லும். இவர்கள் மாத்திரைக்கு முன்தான் ரத்தம் கொடுக்க வேண்டும், இதில் இப்படியும் செய்யலாம் அப்படியும் செய்யலாம் என்பதே கிடையாது.

இன்னொன்று, முதல் நாளே விட்டுவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். டி4 உடம்பில் பாதியாகக் குறைய சுமார் ஒரு வாரம் ஆகும், அதாவது நாளுக்கு 10 சதவீத அளவில் இறங்கும். டாக்டருக்கு வேண்டியது நேற்றைய மாத்திரை போட்டு 24 மணி நேரம் ஆன நிலை. இரண்டு மூன்று நாள் விட்டால் டோஸ் போதவில்லை என்று ரிப்போர்ட் பொய் சொல்லும். இதற்கு மறுபக்கமும் உண்டு. மாதக்கணக்கில் விட்டு விட்டுப் போட்டவர்கள், டெஸ்டுக்கு முந்தின சில நாள் மட்டும் ஒழுங்காகப் போட்டு வருவார்கள். ஃப்ரீ டி4 நன்றாக இருக்கும், டி.எஸ்.எச். 12, 15 என்று நிற்கும். அந்த ஜோடியைப் பார்த்ததும் அனுபவப்பட்ட டாக்டர் முதலில் கேட்பது, மாத்திரையைத் தினமும் போடுகிறீர்களா என்றுதான்.

மறந்து மாத்திரை போட்டுவிட்டால் டெஸ்டை ரத்து செய்ய வேண்டியதில்லை. ரத்தம் எடுப்பவரிடம் எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று சொல்லி, டெஸ்ட் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஃப்ரீ டி4 மட்டும் லேசாகக் கூடி, டி.எஸ்.எச். வழக்கம்போல் இருந்தால் காரணம் அநேகமாக அதுதான். இரவு 10 மணிக்குப் படுக்கும்முன் போடும் பழக்கம் உள்ளவர்கள் காலை 8 மணிக்கு வந்தால் ஏற்றம் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

ஃப்ரீ டி4 கூடி, டி.எஸ்.எச்.சும் அடிமட்டத்துக்குப் போயிருந்தால் காலை மாத்திரைமேல் பழி போட முடியாது. டோஸ் நிஜமாகவே அதிகமாக இருக்கலாம். இல்லையென்றால், முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று யோசியுங்கள். 5, 10 மில்லிகிராம் அளவில் சாப்பிட்டால், சில மெஷின்களின் ரசாயன முறையையே அது குழப்பி ஃப்ரீ டி4-ஐக் கூட்டியும் டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் காட்டும். உடம்பில் ஒன்றும் மாறியிருக்காது, காகிதத்தில் மட்டும் மாறும். டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு வாருங்கள். நாளைக்கே உங்களுக்கு டெஸ்ட் என்பதால், இன்று காலை பயோட்டின் போட்டிருந்தால் இரண்டு நாள் தள்ளிப் போவது நல்லது.