ஸ்விட்சைப் போட்டால் ஒரு வேகம், அணைத்தால் வேறு வேகம்: கபாசிட்டர் கேள்வி பதில்

அம்மாபேட்டை பாலிடெக்னிக் மாணவர்: அண்ணா, 12 வோல்ட் பேட்டரி, ஸ்விட்ச், 10 கிலோ ஓம், அதற்குப் பிறகு 100 மைக்ரோஃபாரட் கபாசிட்டர். கபாசிட்டருக்கு இணையாக 20 கிலோ ஓம். ஸ்விட்சைப் போட்டால் கடைசியில் 12 வோல்ட்தானே ஏறும்?

இல்லை தம்பி, 8தான். ஏறி முடித்த கபாசிட்டர் கரண்ட் எடுக்காது, அதனால் அதைக் கழற்றிவிட்டதாக நினைத்துப் பாருங்கள். 12 வோல்ட்டை 10-உம் 20-உம் பங்கு போடுகின்றன, 20-இன் பங்கு 8.

அப்புறம் வேகம். பேட்டரி இருந்த இடத்தில் வெறும் கம்பியை வைத்துவிட்டு, கபாசிட்டரின் இரண்டு காலிலிருந்து பார்த்தால் இரண்டு ரெசிஸ்டரும் இணையாகத்தான் தெரியும். அது 6.67 கிலோ ஓம், அதை 100 மைக்ரோஃபாரடால் பெருக்கினால் டைம் கான்ஸ்டன்ட் 0.67 செகண்ட். இதை நம்ப முடியவில்லை என்றால் வேறு வழியில் சரிபார்க்கலாம்: ஸ்விட்ச் போட்ட நொடியில் கபாசிட்டரில் 0 வோல்ட், ஆகவே 20 கிலோவில் கரண்டே இல்லை, பேட்டரியிலிருந்து வரும் 1.2 மில்லி ஆம்பியர் முழுவதும் கபாசிட்டருக்குள் போகிறது, 100 மைக்ரோஃபாரடில் அது செகண்டுக்கு 12 வோல்ட் வேகம். அதே வேகத்தில் போனால் 8-ஐத் தொட 0.67 செகண்ட். 20 கிலோ ஏற்றத்தை வேகப்படுத்தவில்லை, போய்ச் சேரும் இடத்தைக் கீழே இறக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒருவர்: கரண்ட் 10 வழியாக வந்து 20 வழியாகத்தானே சார் இறங்குகிறது? இரண்டையும் கூட்டி 3 செகண்ட் என்றுதான் நான் போடுவேன். அணைத்தாலும் அதேதான்.

கரண்ட் போகும் வழியைச் சரியாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் அது பேட்டரி பார்க்கும் பார்வை. நமக்கு வேண்டியது கபாசிட்டரின் பார்வை. இரண்டு ரெசிஸ்டரும் கபாசிட்டரும் ஒரே வரிசையில் இருந்திருந்தால் கூட்டுவதுதான் சரி. இங்கே அப்படி இல்லை.

அணைக்கும்போது கதையே மாறுகிறது. 10 கிலோவின் ஒரு முனை அந்தரத்தில் தொங்குவதால் அதில் கரண்ட் போக வழியில்லை, மிச்சம் 20 கிலோ மட்டும்தான், டைம் கான்ஸ்டன்ட் 2 செகண்ட். ஏறுவதைவிட மூன்று மடங்கு மெதுவாக இறங்கும்.

அதே மாணவர்: சரி அண்ணா, ஒரே ஒரு செகண்ட் போட்டுவிட்டு அணைத்தால்?

தேர்வில் பலரும் தடுக்கி விழும் இடம் இது. ஒரு செகண்டில் 8 வரை போயிருக்காது:

```
v = 8 (1 − e^(−1/0.667)) = 6.2 V
```

அணைத்த நொடியில் கபாசிட்டர் வோல்டேஜ் குதிக்காது, ஆகவே இறக்கம் 6.2-இலிருந்துதான் தொடங்கும். அணைத்து 2 செகண்டில்:

```
v = 6.2 e^(−2/2) = 2.3 V
```

பழைய 0.67-ஐயே வைத்துக்கொண்டு 8-இலிருந்து இறக்கினால் 0.4 வோல்ட் என்று வரும், விடை பக்கத்தில்கூட இருக்காது. ஸ்விட்ச் அசையும் ஒவ்வொரு முறையும் படத்தைப் புதிதாக வரையுங்கள்: எங்கே தொடங்குகிறது, விட்டுவிட்டால் எங்கே போய் நிற்கும், கபாசிட்டருக்கு இப்போது எந்த ரெசிஸ்டர் தெரிகிறது. நேரத்தையும் அந்த நொடியிலிருந்து திரும்ப 0 என்று எண்ணுங்கள்.

சூரமங்கலம் வாசகி: எங்கள் வீட்டு சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, 2.5 மைக்ரோஃபாரட் என்று போட்டிருக்கிறது. அதற்கு டைம் கான்ஸ்டன்ட் எவ்வளவு?

அது வேறு வேலை அம்மா. ஃபேனில் ஏசி ஓடுகிறது, அங்கே கபாசிட்டர் மோட்டாரின் இரண்டாவது கம்பிச்சுற்றின் கரண்டை முன்தள்ளிச் சுழற்சியை உண்டாக்குகிறது, இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. மதிப்பு குறைந்துபோனால் ஃபேன் மெதுவாகும். கபாசிட்டன்ஸ் அளக்கும் மீட்டரில் பார்த்து, குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துபவர்: வாசல் விளக்கு தாமதமாக அணைய ஒரு சர்க்யூட் கட்டுகிறேன். 12 வோல்ட், 470 கிலோ, இணையாக 1 மெகா, 10 மைக்ரோஃபாரட். 8.16 வர வேண்டும், மீட்டரில் 7.9தான். அணைத்தால் 37 சதவீதத்துக்கு இறங்க 12 செகண்ட் ஆகிறது, கணக்கில் 10. குளிர்தான் காரணமா?

7.9 உங்கள் மீட்டரின் வேலை. டிஜிட்டல் மல்டிமீட்டர் பெரும்பாலும் 10 மெகா ஓம். அது 1 மெகாவுக்கு இணையாகச் சேர்ந்து 909 கிலோவாக்கிவிடுகிறது, கணக்குப் போட்டால் சரியாக 7.9.

ஆனால் அதே மீட்டர் மாட்டியிருந்தால் இறக்கம் 9.1 செகண்டாகக் குறைய வேண்டும், உங்களுக்கு 12. கசிவு இருந்தாலும் வேகமாகத்தான் இறங்கும். குளிரில் எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டரின் மதிப்பு குறையுமே தவிர கூடாது, ஆக ஏற்காட்டுப் பனியைக் குறை சொல்ல முடியாது. 7.9 பொருந்துவதால் ரெசிஸ்டர்களையும் நான் சந்தேகப்படவில்லை. கபாசிட்டர் 13 மைக்ரோஃபாரட் இருந்தால் 12 செகண்ட் வரும், ஆனால் வழக்கமான 20 சதவீத வித்தியாசம் 12 மைக்ரோஃபாரடோடு நின்றுவிடும். கபாசிட்டரைக் கழற்றித் தனியாக அளந்து சொல்லுங்கள்; நேரத்தை எதை வைத்து எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.