ராத்திரி பத்து மணிக்கு உடம்பில் எவ்வளவு காபி மிச்சம்?

மருந்தியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். காஃபீன் பற்றி மட்டும் கேளுங்கள். "ஒரு கப்" என்று மொட்டையாகச் சொல்லாமல் எத்தனை கிராம் தூள் என்று சொன்னால் நல்லது.

கவிதா: மேடம், காலை 7, மாலை 4, ரெண்டே காபிதான். பத்துக்குப் படுத்தா ஒரு மணி வரைக்கும் புரளுறேன். முன்னாடி இப்படி இல்ல. இப்போ கருத்தடை மாத்திரை எடுக்குறேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காதுன்னு நினைக்கிறேன்.

சம்பந்தம் நிறையவே இருக்கிறதம்மா. காஃபீனைக் கழிப்பது கல்லீரலில் இருக்கும் CYP1A2 என்ற நொதி. சாதாரணமாக ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் இருப்பது பாதியாகும். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை அந்த நொதியை மந்தமாக்கிவிடும். பாதியாக ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும்.

ஒவ்வொரு காபியிலும் 80 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை இல்லாதவருக்கு இரவு பத்து மணிக்குக் காலைக் காபியில் 10, மாலைக் காபியில் 35, ஆக 45 மிச்சம். உங்களுக்குப் பத்து மணி நேரம் என்று போட்டால் காலையில் குடித்ததில் 28, மாலையில் குடித்ததில் 53, மொத்தம் 81. அதாவது படுக்கப் போகும்போது ஒரு முழுக் காபி உள்ளே இருக்கிறது. நேற்றைய மிச்சத்தை நான் சேர்க்கவே இல்லை. மாலைக் காபியை நிறுத்திப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

செந்தில்: சிகரெட்டை விட்டு ரெண்டு வாரம் ஆச்சு. படபடப்பு, தூக்கமே இல்ல. நிகோடின் இல்லாததாலதானே?

பாதி அது. மீதி காபியாக இருக்கலாம். சிகரெட் புகை இதே நொதியை முடுக்கிவிடும். புகைப்பவர் உடம்பில் காஃபீன் ஏறத்தாழ இரட்டை வேகத்தில் கழியும். புகையை விட்டதும் சில நாட்களில் அந்த வேகம் போய்விடும். நாளைக்கு நாலு காபி குடிப்பவரானால், அதே நாலு இப்போது ஏழெட்டு காபி மாதிரி வேலை செய்யும். பாதியாகக் குறையுங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம், தலைவலி வரும்.

ரமேஷ்: காஃபீன் எத்தனை மணி நேரம் உடம்புல இருக்கும்?

கவிதாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பானு: நிறைய தண்ணி குடிச்சா சீக்கிரம் வெளியேறிடுமா?

ஆகாது. சிறுநீரில் அப்படியே போவது நூற்றில் சில பங்குதான். மற்றதெல்லாம் கல்லீரல் வேலை.

கணேசன்: டிகாஃப் வாங்குறவங்க ஏமாளிங்க. முதல் டிகாக்ஷன்லயே காஃபீன் எல்லாம் இறங்கிடும். எனக்கு வீட்ல ரெண்டாவது டிகாக்ஷன்தான். அதுதான் நிஜ டிகாஃப்.

பாதி சரி. காஃபீன் வெந்நீரில் சுலபமாகக் கரையும், பெரும்பங்கு முதலில் இறங்கிவிடும். ஆனால் ஃபில்டரில் தூள் அழுந்தி, ஈரம் தேங்கி நிற்கிறதே, அந்த ஈரமே முதல் டிகாக்ஷன்தான். இரண்டாவது தண்ணீர் அதையும் சேர்த்துத்தான் இழுத்துவரும்.

டிகாஃபில் வறுப்பதற்கு முன், பச்சைக் கொட்டையிலேயே காஃபீனை எடுக்கிறார்கள். பல ஐரோப்பிய நாடுகளின் விதிப்படி வறுத்த டிகாஃபில் மிஞ்சக்கூடியது எடையில் 0.1 சதவீதம். பத்து கிராம் தூளுக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம். சாதாரண அராபிகாவில் அதே பத்து கிராமில் சுமார் 120; ரோபஸ்டாவில் ஏறக்குறைய அதன் இரட்டிப்பு. ஆக டிகாஃப் என்றால் பூஜ்யம் இல்லை, ஆனால் மிகக் குறைவு.

கணேசன்: என் ரெண்டாவது டிகாக்ஷன்லயும் பத்துக்கு மேல இருக்காது.

லதா (காபித்தூள் கடை): அண்ணே, உங்க தூள்ல சிக்கரி எவ்வளவு? முப்பது பங்கு சிக்கரின்னா ஆரம்பத்துலயே காஃபீன் முப்பது பங்கு கம்மி. சிக்கரில காஃபீனே கிடையாது. நீங்க தூங்குறது அதனாலயா இருக்கும்.

கணேசன்: சிக்கரி போட்டா காபியா அது? எங்க வீட்ல சுத்த பீபரி.

லதா: அப்ப ரெண்டாவதுலயும் ஏறும்ணே.

லதா சிக்கரி பற்றிச் சொன்னது சரி. கணேசன் ஐயா, உங்கள் ஃபில்டர், தூள் அரைத்த பதம், ஊற வைக்கும் நேரம் தெரியாமல் பத்துக்கு மேலா கீழா என்று நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆய்வகத்தில் அளந்தால்தான் தெரியும்.

மணி: டிகாஃப்ல கெமிக்கல் இருக்காமே, கேன்சர் வருமாமே?

சில வகைகளில் மெத்திலீன் குளோரைடு பயன்படுத்துகிறார்கள். அது 40 டிகிரியிலேயே ஆவியாகும். கொட்டை 200 டிகிரிக்கு மேல் வறுபடுகிறது. அமெரிக்காவில் வறுத்த காபியில் பத்து லட்சத்தில் பத்து பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. மனசு ஒப்பவில்லையா, தண்ணீர் முறையில் எடுத்தது என்று பாக்கெட்டில் போட்டிருப்பதை வாங்குங்கள்.

பிரியா: பிளாக் காபி குடிச்சா வெயிட் குறையுமா?

என் துறை இல்லை.

அருண்: எங்க தாத்தா ராத்திரி பத்துக்கு காபி குடிச்சிட்டு பத்தரைக்குக் குறட்டை. இதெல்லாம் மனப்பிரமைதானே?

ஆளுக்கு ஆள் வேறுபடும், பரம்பரையும் ஒரு காரணம். ஆனால் 2013-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன் 400 மில்லிகிராம் கொடுத்ததில் கருவி அளந்த தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. தூங்கியவர்களின் நாட்குறிப்பில் அந்த இழப்பு தெளிவாகத் தெரியவில்லை. 400 என்பது பெரிய அளவு, ஒரு டம்ளர் காபி அவ்வளவு செய்யாது. தாத்தா உண்மையிலேயே தப்பித்தாரா என்பதைக் குறட்டையை வைத்துச் சொல்ல முடியாது. அவர் டம்ளருக்கு எத்தனை கிராம் தூள்?

அருண்: பாட்டிகிட்ட கேட்டேன் மேடம். அவருக்குப் போறதும் ரெண்டாவது டிகாக்ஷன்தானாம்.

கணேசன்: பாத்தீங்களா!