அப்பா மறுக்கும்போது மகன் கையெழுத்துப் போடலாமா?

"சர்க்கரையால் அப்பாவின் கால் அழுகிவிட்டது. எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்கிறார் டாக்டர். அப்பா தெளிவாகப் பேசுகிறார், ஆனால் வேண்டாம் என்கிறார். நாங்கள் கையெழுத்துப் போட்டால் ஆபரேஷன் செய்வார்களா?"

செய்யக்கூடாது. சமீரா கோலி வழக்கில் (2008), பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்டிருந்த பெண்ணின் கருப்பையை, வெளியே இருந்த தாயின் சம்மதத்தை வாங்கி அகற்றிவிட்டார்கள். அது சம்மதமே ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்தவருக்காக வேறு யாரும் கையெழுத்திட முடியாது.

அப்படியானால் பார்க்க வேண்டியது அந்தத் திறன் இருக்கிறதா என்பதைத்தான். பெரும்பாலும் சறுக்குவதும் இங்கேதான். டாக்டர் சொன்னதற்குத் தலையாட்டினால் 'தெளிவாக இருக்கிறார்', மறுத்தால் 'புத்தி தடுமாறுகிறது' என்று எழுதிவிடுகிறார்கள். நோயாளியின் நன்மைக்காக என்று அவர் முடிவைப் பறிப்பது இந்த வழியில்தான் சத்தமில்லாமல் நடக்கிறது.

இங்கிலாந்தில் 1993-இல் இதே பிரச்சினை நீதிமன்றம் போனது. பிராட்மூர் மனநல மருத்துவமனையில் இருந்த 68 வயதுக்காரருக்குப் பாதம் அழுகியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் பிழைக்க 15 சதவீத வாய்ப்புதான் என்றார் அறுவை மருத்துவர். நோயாளி மறுத்தார். அவருக்கு மனச்சிதைவு நோய். தன்னையே உலகப் புகழ்பெற்ற டாக்டர் என்று நம்பினார். ஆனாலும் நீதிபதி தோர்ப் நோயின் பெயரைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லவில்லை. சொன்ன தகவலைப் புரிந்து நினைவில் வைத்திருக்கிறாரா, அதை நம்புகிறாரா, எடைபோட்டு முடிவுக்கு வருகிறாரா என்று மூன்றையும் பார்த்தார். மூன்றும் இருந்தன. அவர் எழுதிக்கொடுத்துச் சம்மதிக்காமல் காலை எடுக்கக்கூடாது என்று உத்தரவாயிற்று. அழுகிய சதையை மட்டும் நீக்கி மருந்து கொடுத்ததில் அவர் பிழைத்தார். ஆனால் செத்திருந்தாலும் தீர்ப்பு சரிதான். பிழைத்ததால் அது சரியாகிவிடவில்லை.

உங்கள் அப்பாவிடம் 'புரிகிறதா?' என்று கேட்காதீர்கள், எல்லோரும் 'ம்' என்பார்கள். "எடுத்தால் என்ன ஆகும், எடுக்காவிட்டால் என்ன ஆகும், உங்கள் வாயால் சொல்லுங்கள்" என்று டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள். "எடுக்காட்டி விஷம் ரத்தத்துல ஏறும், சாகலாம். தெரியும். ஒத்தக் காலோட அடுத்தவங்க கையை எதிர்பார்த்துக் கிடக்க மாட்டேன்" என்றால் திறன் இருக்கிறது. "காலுக்கு ஒண்ணும் இல்ல, அழுக்குதான்" என்றால் சந்தேகப்பட இடமுண்டு. அப்போதும் முதலில் பார்க்க வேண்டியவை தாழ்ந்த சர்க்கரை, சோடியம் குறைவு, கிருமித்தொற்றுக் காய்ச்சல், தூக்க மருந்து. இவற்றைச் சரிசெய்துவிட்டு, அவகாசம் இருந்தால், மறுபடி கேட்க வேண்டும். காலையில் குழம்பியவர் மாலையில் தெளிவாகிவிடுவதுண்டு.

இன்னொன்று: காலை எடுக்க வேண்டாம் என்றவர் ஆன்டிபயாடிக்கையோ, கட்டுப்போடுவதையோ, வலி மருந்தையோ மறுக்கவில்லை. 'ஆலோசனையை மீறிப் போகிறார்' என்று எழுதி வாங்கி வீட்டுக்கு அனுப்பினால் விடாதீர்கள். அவர் ஏற்கும் சிகிச்சையைக் கேட்டு வாங்குங்கள். மனம் மாறினால் எந்த நிமிடமும் சம்மதிக்கலாம் என்பதையும் அவரிடமே சொல்லிவையுங்கள்.