மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை: சிறிய இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்வது எப்படி?

ஊட்லண்ட்ஸில் டியூஷன் நிலையம் நடத்துபவர்: அக்கா, வேர்ட்பிரஸில் ஒரு தளம் வைத்திருக்கிறேன். எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. மாதம் ஒரு தடவை என்னதான் செய்ய வேண்டும்?

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், போதும். ஆனால் வரிசை மாறக்கூடாது: முதலில் நகல், பிறகு புதுப்பிப்பு, கடைசியில் ஒரு பெற்றோர் பார்ப்பதுபோல் தளத்தைப் பார்ப்பது.

நகலுக்கு நான் பலருக்கும் போட்டுக்கொடுத்தது UpdraftPlus என்ற பிளக்இன், அதாவது வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல். அதன் இலவசப் பதிப்பே கூகிள் டிரைவுக்கு அனுப்பும். Backup Now அழுத்தி முடிந்ததும் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள், டிரைவைத் திறந்து பாருங்கள். இன்றைய தேதியில் db, plugins, themes, uploads, others என்று ஐந்து வகைக் கோப்புகள் இருக்க வேண்டும். db என்பது தளத்தின் தரவுத்தளம், உங்கள் படங்கள் எல்லாம் uploads-இல்தான் இருக்கின்றன. அது வரவே இல்லை என்றால் பெரும்பாலும் டிரைவ் நிறைந்திருக்கும். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை உங்கள் ஜிமெயிலும் கைப்பேசிப் படங்களும் சேர்ந்துதான் பயன்படுத்துகின்றன.

அப்புறம் புதுப்பிப்பு. எல்லாவற்றையும் டிக் செய்து ஒரே அடியாக அழுத்தாதீர்கள். ஒரு பிளக்இன், பிறகு தளத்தை ஒரு பார்வை, பிறகு அடுத்தது. ஏதாவது உடைந்தால் எது உடைத்தது என்று உடனே தெரியும். பார்க்கும்போது இன்காக்னிட்டோ ஜன்னலில் பாருங்கள். கேஷ் பிளக்இன் இருந்தால் அதை முதலில் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய நல்ல பக்கமே தெரிந்து உங்களை ஏமாற்றிவிடும்.

அதே டியூஷன் நிலையத்தார்: உடைந்தேவிட்டால்? தளத்துக்குள் நுழையவே முடியாவிட்டால்?

"There has been a critical error on this website" என்று ஒரு வரி வரும். பதறாதீர்கள். 2019 முதல் வேர்ட்பிரஸ் இப்படி ஆனதும் நிர்வாகி மின்னஞ்சலுக்கு ஒரு சிறப்பு இணைப்பு அனுப்புகிறது. அதன் வழியே உள்ளே போய், கோளாறான பிளக்இனை நிறுத்திவிடலாம். அந்த மின்னஞ்சல் யாருடையது என்பதுதான் முக்கியம். Settings, General போய் Administration Email Address-ஐ இன்றே பாருங்கள். தளத்தைக் கட்டிக்கொடுத்தவரின் பழைய முகவரி இன்னும் அங்கேயே இருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

கடிதம் வராவிட்டால், ஹோஸ்டிங் பக்கத்தில் File Manager-ஐத் திறந்து `wp-content/plugins` உள்ளே அந்தப் பிளக்இனின் கோப்புறைக்கு வேறு பெயர் வையுங்கள். வேர்ட்பிரஸால் அதைக் கண்டுபிடிக்க முடியாது, தளம் எழுந்துவிடும்.

ஈசூனில் கேட்டரிங் நடத்துபவர்: ஹோஸ்டிங் நிறுவனமே தினமும் நகல் எடுக்கிறது. பிறகு நான் ஏன் எடுக்க வேண்டும்?

அவர்கள் எடுப்பது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கணக்கே முடங்கினால் தளமும் நகலும் சேர்ந்தே போகும். அதனால் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

உங்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. உங்கள் தளத்தில் ஆர்டர்கள் வருகின்றன. சனிக்கிழமை இரவு எடுத்த நகலை ஞாயிறு மாலை அப்படியே திருப்பிப் போட்டால், ஞாயிறு பகலில் வந்த தீபாவளி ஆர்டர்கள் அத்தனையும் அழிந்துவிடும், ஏனென்றால் அவை db-இல் இருக்கின்றன. எனவே ஆர்டர் குறைவான நேரத்தில், நகல் எடுத்த கையோடு புதுப்பியுங்கள். உடைந்தால் Restore செய்யும்போது plugins-ஐ மட்டும் டிக் செய்யுங்கள், db-ஐத் தொடாதீர்கள். பெரும்பாலான சமயம் அதுவே போதும். புதுப்பிப்பு db-ஐயும் மாற்றியிருந்தால் பழைய பிளக்இன் அதனோடு ஒத்துப்போகாமல் போகலாம். கடை பிளக்இன்களில் அப்படி நடக்கும், அப்போது தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

தேக்காவில் தையல் கடை வைத்திருப்பவர்: எனக்குப் புதுப்பிப்புப் பிரச்சினை இல்லை. இரண்டு மாதமாகத் தளத்திலிருந்து ஒரு விசாரணைகூட வரவில்லை. வியாபாரம் டல் என்று நினைத்தேன். போன வாரம் ஒரு அம்மா கடைக்கே வந்து "எழுதினேனே, பதிலே போடவில்லை" என்று வருத்தப்பட்டார்.

வியாபாரம் டல் இல்லை அண்ணே, கடிதம்தான் வரவில்லை. உங்களை மூன்று தடவை படிவத்தை நிரப்பிப் பார்க்கச் சொன்னேன், நினைவிருக்கிறதா? ஜிமெயில் முகவரி கொடுத்தது ஸ்பேமில் கிடந்தது. யாஹூ முகவரி கொடுத்தது எங்குமே இல்லை. உங்கள் கடையின் சொந்த முகவரி கொடுத்தது ஒழுங்காக வந்தது. அந்த வேறுபாட்டில்தான் விடை இருக்கிறது.

உங்கள் Contact Form 7-இல் Mail பகுதியைத் திறந்தபோது, From பெட்டியில் `[your-email]` இருந்தது. பதில் எழுதச் சுலபமாக இருக்கும் என்று யாரோ நல்லெண்ணத்தில் மாற்றியிருக்கிறார். அதனால் உங்கள் சர்வர் அனுப்பும் கடிதம், அந்த அம்மாவின் யாஹூவிலிருந்து வந்ததுபோல் வேடம் போடுகிறது. தன் பெயரில் வெளியிடத்திலிருந்து வரும் கடிதங்களை நிராகரிக்கும்படி யாஹூ உலகத்துக்கே சொல்லி வைத்திருக்கிறது. ஜிமெயில் அவ்வளவு கண்டிப்பில்லை, அதனால் ஸ்பேம் வரையாவது வந்து சேர்ந்தது.

From-இல் உங்கள் தளத்தின் பெயரிலான முகவரியே இருக்கட்டும். கீழே Additional headers பெட்டியில் இந்த வரியைப் போடுங்கள்:

```
Reply-To: [your-email]
```

இனி நீங்கள் Reply அழுத்தினால் வாடிக்கையாளருக்கே போகும்.

போன இரண்டு மாதக் கடிதங்களில் ஸ்பேமில் இருப்பவற்றை மட்டும் மீட்கலாம். ஜிமெயில் 30 நாளுக்குப் பிறகு ஸ்பேமை அழித்துவிடும், எனவே இன்றே பாருங்கள். இந்தப் படிவம் எதையும் தன்னிடம் சேமித்து வைப்பதில்லை. இனிமேல் சேமிக்க Flamingo என்ற துணைப் பிளக்இனைப் போடலாம். அப்படிச் சேமித்தால், வேலை முடிந்த பழைய பெயர்களையும் தொலைபேசி எண்களையும் மாதச் சுற்றில் அழித்துவிடுங்கள். தேவை முடிந்த பிறகு தனிப்பட்ட தகவலை வைத்திருக்கக்கூடாது என்பது நம் பிடிபிஏ சட்டமே.

மற்றவர்களும் கேளுங்கள்: இந்தப் படிவச் சோதனையை மாதம் தவறாமல் செய்யுங்கள், வெளி முகவரி ஒன்றைக் கொடுத்து. தளம் உடைந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். படிவம் உடைந்தால் "Thank you for your message" என்று பச்சைக் கட்டத்தில் காட்டிக்கொண்டே இருக்கும்.

தெம்பனீஸிலிருந்து ஒருவர், ஐடி துறை: இவ்வளவு எதற்கு? ஆட்டோ அப்டேட்டைப் போட்டுவிட்டால் முடிந்தது. ஓட்டை வெளியே தெரிந்த சில நாளிலேயே தாக்குவார்கள், மாதக் கடைசிவரை காத்திருப்பதுதான் ஆபத்து.

நீங்கள் சொல்வதில் பாதியை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். படிவம், கேலரி போன்ற சின்னப் பிளக்இன்களுக்கு நானும் ஆட்டோ போட்டுவிடுவேன். ஆனால் கடை, கட்டணப் பிளக்இன்களை நள்ளிரவில் தானாக மாறவிட எனக்கு மனம் வரவில்லை, காலையில் யாரும் பணம் கட்ட முடியாமல் நிற்பார்கள். கைவிடப்பட்ட பிளக்இனுக்கு ஆட்டோவால் எந்தப் பயனும் இல்லை, அதற்குப் புதுப்பிப்பே வராதே. View details அழுத்தினால் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று தெரியும்.

தெம்பனீஸ்காரர்: கட்டணப் பிளக்இனில்தானே ஓட்டை அதிக ஆபத்து? அதற்கும் ஆட்டோதான் என்பேன்.

அங்கே நாம் ஒத்துப்போக மாட்டோம் போலிருக்கிறது. நான் அவற்றுக்கு மட்டும் வாரம் ஒரு தடவை பார்க்கிறேன்.

ஜூரோங்கில் பூக்கடை: பராமரிப்பு என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் .sg முகவரி என் மகனுடைய நண்பர் பெயரில் இருக்கிறது. அவர் ஆஸ்திரேலியா போய்விட்டார். ஒன்றும் ஆகாதுதானே?

அம்மா, மாதச் சுற்றை விடுங்கள், இதை இந்த வாரமே கவனியுங்கள். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் எல்லாம் அவருடைய மின்னஞ்சலுக்குத்தான் போகும். நீங்கள் பூக்கட்டிக்கொண்டிருக்கும்போதே முகவரி காலாவதியாகிவிடும். அவர் இன்னும் தொடர்பில் இருக்கும்போதே, பதிவு செய்த நிறுவனத்தில் உரிமையாளரையும் நிர்வாகத் தொடர்பாளரையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். .sg-க்கு நிர்வாகத் தொடர்பாளர் சிங்பாஸ் மூலம் தன்னை உறுதிப்படுத்த வேண்டும், அதனால் இங்கேயே இருக்கும் ஒருவரைப் போடுங்கள். மகனுக்கு இன்று ராத்திரியே போன் போட்டு நண்பரின் எண்ணை வாங்கிவிடுங்கள்.