பெட்டியின் ஓரம் ஏன் பிரிகிறது?

அன்புள்ள ஐயா,
சாயல்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்கிறேன். புதிதாக அச்சடித்து வாங்கிய அட்டைப்பெட்டிகளில் பின்பக்க மூலை ஒட்டு ஒரே வாரத்தில் பிரிந்துவிடுகிறது. அதே மூலையில் வெள்ளைக் கோடும் தெரிகிறது. பசை சரியில்லையா, கடல் காற்றா?

அன்புள்ள நண்பருக்கு,

பிரிந்த ஒட்டைக் கையால் உரித்துப் பாருங்கள். அட்டையின் நார் கிழிந்து வந்தால் ஒட்டு நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. பசை மட்டும் காய்ந்த தோல்போல வழவழப்பாகக் கழன்று வந்தால், மூலையில் உள்ளே மடித்து ஒட்டும் பட்டை மீது வார்னிஷோ லேமினேஷனோ ஏறியிருக்கிறது. உங்களுடையது இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன். ஈரக்காற்று அதை விரைவுபடுத்தியிருக்கலாம், காரணம் அது அல்ல.

ஒட்டும் பட்டை உள்ளே மடங்குவதால், அதன் அச்சடித்த முகம்தான் அடுத்த பக்கத்தின் உட்புறத்தில் ஒட்டுகிறது. அந்த முகத்தில் அட்டை வெறுமையாக இருந்தால்தான் பசை நாருக்குள் இறங்கும்.

100 மி.மீ. அகலம், 50 ஆழம், 140 உயரமுள்ள பெட்டி என்று வைத்துக்கொள்வோம். வெட்டும் மடிப்பும் கோடாக வரைந்த டைலைனில் இடமிருந்து வலமாக ஒட்டும் பட்டை 15, பின்பக்கம் 100, பக்கவாட்டு 50, முன்பக்கம் 100, கடைசிப் பக்கவாட்டு 49.5. அந்த அரை மி.மீ. குறையாவிட்டால் கடைசிப் பக்கத்தின் விளிம்பு மூலையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். பட்டையின் இரு முனைகளையும் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் மூடி மடங்கும்போது இடிக்கும்.

வெள்ளைக் கோடு வருவது, படம் மடிப்புக் கோட்டிலேயே நின்றுவிடுவதால். பெட்டி வடிவில் கத்தி பதித்த டையால் வெட்டும்போது தாள் ஒரு மி.மீ. நகர்வது சகஜம். அதனால் பின்பக்கத்தின் நிறத்தைப் பட்டைக்குள் 3 மி.மீ. நீட்டுங்கள். மீதி 12 மி.மீ. மையும் வார்னிஷும் இல்லாமல் இருக்கட்டும். கடைசிப் பக்கத்தின் வெட்டுவிளிம்புக்கு வெளியேயும் நிறத்தை 3 மி.மீ. நீட்டி பிளீட் விடுங்கள். எழுத்து, சின்னம், பார்கோடு ஆகியவை வெட்டுக்கோடு, மடிப்புக்கோடு இரண்டிலிருந்தும் 5 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும்.

முழுத்தாளுக்கும் லேமினேஷன் போடுவதானால் பட்டையை விட்டுவைக்க முடியாது. பட்டை மீது சிறு வெட்டுகள் விழும்படி டையில் கத்தி வைக்கச் சொல்லுங்கள், அல்லது ஃபிலிமில் பிடிக்கும் பசையைக் கேளுங்கள்.

மூடி பின்பக்கத்தோடு சேர்ந்தே வருகிறது: 50 மி.மீ. ஆழமும், செருகும் நாக்கு 15 மி.மீ.யும். முன்னாலிருந்து வாசிக்க வேண்டுமானால், விரித்த தாளில் மூடி எழுத்து தலைகீழாக இருக்க வேண்டும். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பக்கவாட்டு மடல்கள் 35 மி.மீ. போதும், 50-ஐத் தாண்டினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூடி தூக்கும்.

அடியிலும் இதே அளவு மூடி வைத்தால், விரித்த அளவு 314.5-க்கு 270 மி.மீ. ஏ3 தாளில் 100 சதவீத அளவில் அச்செடுத்து, கத்தரித்து, ஒட்டி, உள்ளே ஒரு பாக்கெட் கருப்பட்டியை வைத்துப் பாருங்கள். அதன் பிறகே டைக்குக் காசு கொடுங்கள்.