உடைஞ்ச கீமோ குளிசையை எப்பிடித் துப்புரவாக்குறது? கேள்வி பதில்

"அக்கா, அப்பா புற்றுநோய்க்குப் போடுற கப்பெசிற்றபைன் எண்ட கீமோ குளிசை விழுந்து, சின்னவன் மிதிச்சுப் போட்டான். தும்புத்தடியாலை கூட்டட்டோ?"

கூட்டாதேங்கோ தங்கச்சி, தூள் எழும்பி மூச்சுக்குள்ளை போகும். ஃபானை நிப்பாட்டுங்கோ. சின்னவன்ரை காலைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, அவனை வெளியிலை விடுங்கோ. கையுறை போட்டு, நனைச்ச ரிசுவைத் தூளுக்கு மேலை மெல்ல அமத்தி, ஓரத்திலையிருந்து நடுவுக்கு ஒத்தி எடுங்கோ. பிறகு சவுக்காரத் தண்ணியாலை மூண்டு தரம் துடையுங்கோ, ஒவ்வொரு தரமும் புது ரிசு. எல்லாத்தையும் கையுறையோடை பொலித்தீன் பையிலை கட்டி, இன்னொரு பைக்குள்ளை போடுங்கோ. வளவுக்குள்ளை குப்பையோடை கொளுத்தாமல், எங்கை குடுக்கிறதெண்டு கிளினிக்கிலை கேளுங்கோ. வீணாப்போன குளிசைக்குப் பதிலா அடுத்த வேளை இரண்டாகக் குடுக்கவும் வேண்டாம், கிளினிக்குக்குச் சொல்லுங்கோ.

"கையுறை போட்டால் கை கழுவத் தேவையில்லைத்தானே?"

தேவை தம்பி. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கழட்டேக்கை வெளிப்பக்கம் கையிலை முட்டலாம். உள்பக்கம் வெளியிலை வரக் கழட்டி எறிஞ்சுபோட்டு, சவுக்காரம் போடுங்கோ. நைட்ரைல் கையுறைதான் நல்லது, கழுவித் திரும்பப் போடக்கூடாது. இதைவிடச் சுகமான வழி, குளிசையைத் தொடாமலே உறையிலையிருந்து சின்னக் கோப்பைக்குள்ளை அமத்தி விழுத்தி, அப்பாவின்ரை கையிலை குடுக்கிறது. அவர் தானே எடுத்துப் போட்டால் அவருக்குக் கையுறை வேண்டாம், கை கழுவினால் காணும்.

"மேல்பூச்சு உள்ள குளிசையை வெறுங்கையாலை தொட்டால் ஒண்டுமில்லை எண்டு நேர்ஸ் சொன்னவ."

உடையாத குளிசையிலை ஆபத்துக் குறைவு, அவ சொன்னதிலை பாதி சரி. ஆனால் ஒரு மூலை உதிர்ந்திருந்தால் உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் குடுக்கிற ஆள் நீங்கள் எண்டபடியால், கையுறை போடுங்கோ எண்டுதான் சொல்லுவன்.

"மருமகளுக்கு அஞ்சு மாதம். அவதான் மாமாவுக்கு மருந்து குடுக்கிறவ."

இண்டையிலிருந்து வேறை ஆள் குடுக்கட்டும் அம்மா. கையுறையை நம்பி அவவை விடாதேங்கோ. மாமாவின்ரை சத்தி, சலம் பட்ட துணியையும் அவ தோய்க்கக் கூடாது. கடைசிக் குளிசைக்குப் பிறகும் 48 மணித்தியாலம் கவனம் வேணும். மலசலகூடத்துக்கு இரண்டு தரம் நல்லாத் தண்ணி ஊத்துங்கோ, துணியைத் தனியத் தோயுங்கோ.

"அம்மாவின்ரை இன்சுலின் பிரிட்ஜிலை இருக்கு. கீமோவையும் அதுக்குள்ளை வைக்கட்டோ? பேரனுக்கு எட்டாது."

இன்சுலினுக்குக் குளிர் வேணும், கப்பெசிற்றபைனுக்குத் தேவையில்லை. குசினியும் குளியலறையும் ஈரம், அங்கையும் வேண்டாம். வந்த உறையோடை, பூட்டுற பெட்டியிலை, படுக்கையறை அலுமாரி மேல்தட்டிலை வையுங்கோ. என்ரை சொந்தக்காரர் வீட்டிலை பிரஷர் குளிசை டப்பாக்குள்ளை கீமோவையும் கலந்து வைச்சிருந்ததைக் கண்டு திடுக்கிட்டுப் போனன். தனிப் பெட்டி, தனி அடையாளம்.

"விழுங்க ஏலாது எண்டு வாழைப்பழத்தோடை நசிச்சுக் குடுக்கிறம்."

நசிக்கிறதை உடனே நிப்பாட்டுங்கோ. நசிக்கிற ஆளுக்குத்தான் தூள் படும். கிளினிக்கிலை கேளுங்கோ, சில குளிசைக்குத் தண்ணியிலை கரைக்கிற முறை இருக்கும், சிலதுக்கு இல்லை. உங்கடை குளிசையின்ரை பேர் தெரியாமல் நான் சொல்ல ஏலாது.